சீனியரிடம் 20 நிமிடம் கேட்பது எப்படி? ஒரு டெஸ்டரின் மெசேஜை வைத்து ஒரு செய்முறை

ஆபீஸில் அனுபவசாலி ஒருவரிடம் போய் "கொஞ்சம் பேசணும், வழி சொல்லுங்க" என்று கேட்கப் பலருக்கும் தயக்கம். தொந்தரவு செய்கிறோமோ, உரிமை எடுத்துக்கொள்கிறோமோ என்ற பயம்தான் காரணம். உண்மையில் கேட்பது யாருக்கும் தொந்தரவாகப் படுவதில்லை. என்ன விஷயம், எவ்வளவு நேரம், எப்போது, முடியாது என்றால் எப்படிச் சொல்வது என்று எல்லாவற்றையும் அவரே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும்போதுதான் அது சுமையாகிறது. அந்த யோசனையை நீங்களே முன்கூட்டிச் செய்துவைப்பதற்கான வழி கீழே.

எடுத்துக்காட்டுக்கு ஓஎம்ஆரில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனி. ஒன்றரை வருடமாக ஒரு இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டில் மேனுவல் டெஸ்டிங், அதாவது சாஃப்ட்வேரைக் கையால் சோதிக்கும் வேலை செய்யும் பெண். ஸ்கிரிப்ட் எழுதித் தானாகச் சோதிக்கவைக்கும் ஆட்டோமேஷனுக்கு மாற நினைக்கிறார். பக்கத்து டீமில் ஒரு டெஸ்ட் லீட், அவரும் மேனுவலில் தொடங்கி ஆட்டோமேஷனுக்குப் போனவர். இருவருக்கும் இதுவரை லிஃப்டில் சிரிக்கும் அளவுக்குத்தான் பழக்கம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

மெசேஜ் டைப் செய்வதற்கு முன் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். முழு வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நம் டெஸ்டர் முதலில் எழுதிவைத்த கேள்வி: "ஆட்டோமேஷன் எப்படிக் கத்துக்கறது?" இதற்கு யூடியூபிலேயே நூறு பதில் கிடைக்கும். அந்த லீடிடம் கேட்டால் அவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ஏதாவது ஒரு கோர்ஸ் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார். குற்றம் அவர்மேல் இல்லை, கேள்வி அப்படி.

இரண்டாவது முறை எழுதியது: "கோர் ஜாவா படிச்சிட்டேன். எங்க ப்ராஜெக்ட்டோட லாகின், கிளெய்ம் ஸ்கிரீன் ரெண்டுக்கும் சேர்த்து செலினியத்துல 22 டெஸ்ட் கேஸ் சொந்தமா எழுதிப் பார்த்திருக்கேன். அடுத்து ஏபிஐ டெஸ்டிங் பக்கம் போகலாமா, இல்ல ஃப்ரேம்வொர்க் எழுதக் கத்துக்கலாமா? உங்க டீமுக்குப் புதுசா வர்றவங்ககிட்ட முதல் மூணு மாசத்துல எதை எதிர்பார்க்கறீங்க?"

இதில் மூன்று விஷயங்கள் தெரிகின்றன: தன் பங்குக்கு என்ன செய்திருக்கிறார், எந்த இரண்டு வழிக்கு நடுவில் நிற்கிறார், அந்த டீமில் இருப்பவர் மட்டுமே சொல்லக்கூடியது எது. உங்கள் கேள்வியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். மீதி இருப்பதை அவர் யோசித்துப் பதில் சொல்ல 15 நிமிடம் போதுமா என்று பாருங்கள். போதாது என்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆளும் நேரமும்

பெரிய பதவியில் இருப்பவரைவிட, நீங்கள் போக நினைக்கும் வழியில் நான்கைந்து வருடம் முன்னால் போனவரே நல்லது. பட்ட கஷ்டம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். வேறு டீம் என்றால் உங்கள் மேனேஜர் காதில் ஒரு வரி போட்டுவையுங்கள்: "ஆட்டோமேஷன் பத்தி அந்த டீம் லீட்கிட்ட ஒரு 20 நிமிஷம் கேட்கலாம்னு இருக்கேன்." பிறகு வேறு வாய்வழியாகத் தெரியவந்தால், டீம் மாற ஏற்பாடு செய்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

அவுட்லுக்கில் புதிய மீட்டிங் திறந்து, அவர் பெயரைச் சேர்த்து, Scheduling Assistant பார்த்தால் அவருடைய நாள் எப்படி நிரம்பியிருக்கிறது என்று தெரியும். பார்ப்பதோடு சரி, இப்போது எதையும் அனுப்ப வேண்டாம். ரிலீஸ் வாரம், ஸ்பிரின்ட் முடியும் நாள், திங்கள் காலை இவற்றை விட்டுவிடுங்கள். அமெரிக்க கிளையன்ட் என்றால் மாலை நேரமெல்லாம் கிளையன்ட்டோடு போனில் போய்விடும். காலண்டரில் காலியாகத் தெரிந்தாலும் அது காலி இல்லை. ஸ்டாண்ட்-அப் முடிந்த பிறகு, 11 மணி வாக்கில், வாரத்தின் நடுவில் இரண்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேன்டீன் வரிசையிலோ லிஃப்டிலோ பிடித்துக் கேட்காதீர்கள். நேருக்கு நேர் நிற்கும்போது நம் ஊரில் யாரும் "முடியாது" என்று சொல்லமாட்டார்கள். "சரி, பார்க்கலாம்" என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தால், இருவருக்குமே சங்கடம்.

படி 3: மெசேஜ்

முதலில், வேண்டாத மெசேஜ்:

> வணக்கம் மேடம். பிஸியா இருக்கீங்களா?

இதைப் பார்க்கும் லீடுக்கு புரொடக்‌ஷனில் பிரச்சினையா, லீவ் விஷயமா, வேறு உதவியா என்று தெரியாது. "இல்லை" என்று பதில் போட்டால் என்னவோ ஒன்றுக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் பதிலே போடாமல் வைத்துவிடுவார்.

இன்னொரு வகை, பணிவு மிகுந்துபோனது: "மேடம் ப்ளீஸ், உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல, நீங்கதான் மென்டரா இருந்து கைட் பண்ணணும்." எழுதுபவருக்கு இது மரியாதையாகத் தெரியும். வாசிப்பவருக்கு இது கட்டாயம், ஏனென்றால் மறுத்தால் அவர் இரக்கமில்லாதவர் ஆகிவிடுவார். போதாததற்கு 'மென்டரா இருங்க' என்பதற்கு முடிவு தேதியே இல்லை. ஒரு முறை பேசக் கேட்கிறீர்கள் என்றால் ஒரு முறை என்றே சொல்லுங்கள்.

நம் டெஸ்டர் டீம்ஸில் அனுப்பியது:

> வணக்கம் மேடம். நான் பக்கத்து கிளெய்ம்ஸ் டீம்ல ஒன்றரை வருஷமா மேனுவல் டெஸ்டிங் பண்றேன். நீங்க மேனுவல்ல இருந்து ஆட்டோமேஷனுக்கு வந்தவங்கன்னு போன மாசம் டவுன்ஹால்ல சொன்னீங்க, அதனால கேட்கறேன். செலினியத்துல 22 டெஸ்ட் கேஸ் சொந்தமா எழுதிப் பார்த்திருக்கேன். அடுத்து ஏபிஐ பக்கம் போறதா, ஃப்ரேம்வொர்க் கத்துக்கறதான்னு முடிவு பண்ண முடியல. இதைப் பத்தி ஒரே ஒரு தடவை, 20 நிமிஷம் பேச முடியுமா? அடுத்த புதன் இல்ல வியாழன் 11 மணிக்கு மேல எனக்குச் சரியா இருக்கும், உங்களுக்கு வேற நேரம் வசதின்னாலும் சரி. பேச நேரம் இல்லன்னா இங்கேயே ரெண்டு வரி எழுதினாலும் போதும் மேடம். இப்போதைக்கு முடியாதுன்னாலும் புரிஞ்சுக்குவேன்.

ஆங்கிலத்தில் அனுப்பும் ஆபீஸாக இருந்தாலும் இதே வரிசைதான்: யார், ஏன் உங்களிடம், என்ன கேள்வி, எவ்வளவு நேரம், எப்போது, வேறு வழி. எல்லாம் ஒரே மெசேஜில் இருக்க வேண்டும். ஐந்து துண்டாக அனுப்பினால் அவர் போன் ஐந்து முறை அடிக்கும்.

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். "ரெண்டு வரி எழுதினாலும் போதும்" என்பது சின்ன உதவிக்கு ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. 20 நிமிடம் தர முடியாதவர் அதையாவது செய்வார். எழுத உட்கார்ந்த பிறகு "இது நீளமா இருக்கு, பேசிடலாம்" என்று அவரே சொல்வதும் நடக்கும்.

சார், மேடம், பெயர் இவற்றில் எதைச் சொல்லி அழைப்பது? அவருடைய டீமில் உங்கள் வயதுக்காரர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே. தெரியாவிட்டால் சார், மேடம். அக்கா, அண்ணா எல்லாம் அவர்களாகச் சொன்ன பிறகு.

படி 4: பதில் வரும்வரை

ஐந்து வேலை நாள் விடுங்கள். படித்துவிட்டார் என்று டீம்ஸில் கண் அடையாளம் காட்டினாலும் அதைப் பற்றிப் பேசாதீர்கள். மீட்டிங்குக்கு நடுவில் திறந்து பார்த்திருப்பார். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல்:

> மேடம், போன வாரம் அனுப்பினதை ஒரு தடவை ஞாபகப்படுத்தறேன். இப்போ நேரம் சரியில்லன்னா விட்டுடலாம், பரவாயில்ல.

அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில். வேறொருவரிடம் கேளுங்கள். அடுத்த முறை காரிடாரில் பார்க்கும்போது எப்போதும்போல் சிரித்துவிட்டுப் போங்கள்.

சரி என்றால், அன்றே காலண்டர் அழைப்பு அனுப்புங்கள். அவுட்லுக் பெரும்பாலும் தானாக அரை மணி நேரம் போட்டுவிடும். முடியும் நேரத்தைக் கையால் 20 நிமிடத்துக்கு மாற்றுங்கள். கேட்டது 20, வந்தது 30 என்றால் முதல் வாக்கே பிசகுகிறது. உங்கள் கேள்வியை அழைப்பின் உள்ளே திரும்ப ஒட்டிவையுங்கள், டீம்ஸில் பழைய மெசேஜைத் தேட வேண்டியிருக்காது.

படி 5: அந்த 20 நிமிடம்

உங்கள் நிலையை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். பிறகு அவர் பேசட்டும், நீங்கள் நோட்டில் குறியுங்கள். 17, 18ஆவது நிமிடத்தில் நீங்களே சொல்லுங்கள்: "மேடம், நேரம் ஆகப்போகுது. நான் முதல்ல பண்ண வேண்டியது இதுதானே?" இன்னும் பேச நினைத்தால் அவரே தொடர்வார். நேரத்தை அவர் பார்க்கும்படி விடக்கூடாது.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். பேச்சு நன்றாகப் போகிறதே என்று, கடைசி நிமிடத்தில் "உங்க டீம்ல வேகன்சி இருக்கா மேடம்?" என்று கேட்டுவிடுவார்கள். அதுவரை கேட்டதெல்லாம் இதற்குத்தானா என்று அவருக்குத் தோன்றிவிடும். அவராக அந்தப் பேச்சை எடுத்தால் பேசுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு வேண்டாம்.

படி 6: பிறகு

அன்று மாலைக்குள் நன்றி, இரண்டு வரி. அதில் அவர் சொன்னவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். நம் கதையில் அந்த லீட் சொன்னது, ஏபிஐயும் வேண்டாம் ஃப்ரேம்வொர்க்கும் வேண்டாம், முதலில் இருக்கிற ஸ்கிரிப்ட்டில் ஃபெயில் ஆவதைச் சரிசெய்யக் கற்றுக்கொள் என்று. டெஸ்டர் தன் மேனேஜரிடம் கேட்டு, இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுகளின் நைட்லி ரன் ரிப்போர்ட்டைப் பார்க்க அனுமதி வாங்கினார். மூன்று வாரம் கழித்து இதை அனுப்பினார்:

> மேடம், நீங்க சொன்ன மாதிரி நைட்லி ரன்ல ஃபெயில் ஆனதுல 6 ஸ்கிரிப்ட் சரி பண்ணிட்டேன். 4 ஸ்கிரிப்ட் லொக்கேட்டர் மாறினதால, மத்த 2 ஸ்கிரிப்ட் பேஜ் லோடாகறதுக்கு முன்னாடியே கிளிக் பண்ணினதால ஃபெயில் ஆகியிருந்தது. ஸ்லீப் போட்டிருந்த இடத்துல எக்ஸ்ப்ளிசிட் வெயிட் மாத்தினேன். சொல்லணும்னு தோணிச்சு, பதில் போட வேண்டாம்.

இந்த மெசேஜில் புதுக் கேள்வி எதையும் சேர்க்காதீர்கள். அடுத்த கேள்வி இருந்தால் இன்னும் சில வாரம் போகட்டும்; அப்போது மறுபடி படி 1லிருந்து.