ஓடும் சுமைக்குப் போதும், கிளம்பும் சுமைக்குப் போதாது: ஜெனரேட்டர் தேர்வில் நடக்கும் தவறுகள்

டீசல் ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் பல இடங்களில் போடப்படும் கணக்கு ஒன்றுதான். எல்லா இயந்திரங்களின் கிலோவாட்டையும் கூட்டி, பவர் ஃபேக்டரான 0.8-ஆல் வகுத்து, மேலே இருபது சதவீதம் சேர்த்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சுமைக்கு இந்தக் கணக்கு சரிதான். ஆனால் பெரிய மோட்டார் உள்ள இடத்தில் ஜெனரேட்டர் திணறுவது அது ஓடும்போது அல்ல, கிளம்பும் சில நொடிகளில்தான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பானிலிருந்து வந்த ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நாட்டு இயந்திரங்கள் பல 200 வோல்ட்டில் ஓடுபவை. நம் 415 வோல்ட்டை இறக்கித் தர 160 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்று நடுவில் வேண்டும். பிரஸ்ஸின் பம்ப் மோட்டார் 75 கிலோவாட், நேரடி ஸ்டார்ட்டர். மற்ற இயந்திரங்களும் விளக்குகளும் சேர்ந்து 60 கிலோவாட். மேலே சொன்ன வழியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 200 கே.வி.ஏ. வரும். 250 வாங்கினால் தாராளம் என்றே தோன்றும்.

இங்கேதான் முதல் தவறு. அந்த மோட்டார் ஓடும்போது கேட்பது சுமார் 93 கே.வி.ஏ. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 560 கே.வி.ஏ. கேட்கும். ஜெனரேட்டரில் மின்சாரத்தை உருவாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் அதைத் தர முயலும்போது அதன் உள்ளேயே மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. இழப்பின் அளவை நிர்ணயிப்பது டேட்டா ஷீட்டில் இருக்கும் டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ். 18 சதவீதம் என்பது இந்த அளவு இயந்திரத்துக்கு நம்பத்தகுந்த மதிப்பு.

கணக்கு கடினமானதல்ல. எல்லாவற்றையும் 250 கே.வி.ஏ. அடிப்படைக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஆல்டர்னேட்டர் 18. மின்மாற்றியின் இம்பீடன்ஸ் அதன் சொந்த அளவில் 4 சதவீதம் என்றால், 250 அடிப்படையில் சுமார் 6. நின்ற நிலை மோட்டார், 250-ஐ 560-ஆல் வகுத்தால் வரும் 45. மொத்தம் 69. மின்னழுத்தம் இந்த விகிதத்தில் பங்கிடப்படும். ஆகவே ஜெனரேட்டர் முனையிலேயே 26 சதவீதம் சரிவு. மின்மாற்றியையும் தாண்டி மோட்டார் முனைக்குப் போனால் 35 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. ஜெனரேட்டர் முனையில் நிகழும் சரிவால் பாதிக்கப்படுவது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மற்ற இயந்திரங்கள். மோட்டார்களை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான காண்டாக்டரின் சுருளில் மின்னழுத்தம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அது விடுபட்டாலும் குற்றமில்லை என்று ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரநிலையே இடம் கொடுக்கிறது. நமக்கு மிஞ்சியது 74. படபடவென்று காண்டாக்டர் அடிக்கும் சத்தம் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். மோட்டார் முனையில் உள்ள சரிவோ முறுக்குவிசையைப் பாதிக்கிறது. அது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 65 சதவீத மின்னழுத்தத்தில் 42 சதவீத முறுக்குவிசைதான் கிடைக்கும். சுமையோடு கிளம்ப வேண்டிய அமுக்கிக்கு (கம்ப்ரசருக்கு) அது போதாமல் போகலாம். எண்ணெய் அழுத்தத்தை விடுவித்துவிட்டுக் கிளப்பும் பம்புக்குப் போதலாம்.

இதைப் பார்த்ததும் பலர் 500 கே.வி.ஏ.வுக்குத் தாவுகிறார்கள். அப்போது ஜெனரேட்டர் முனைச் சரிவு 15 சதவீதமாக இறங்கும், உண்மைதான். மோட்டார் முனையில் இன்னும் 25 சதவீதம் சரிவு நிற்கும், ஏனென்றால் சிறிய மின்மாற்றி அங்கேயே இருக்கிறது. மேலும் இரவு ஷிப்டில் முப்பது நாற்பது கிலோவாட் மட்டுமே ஓடினால், அவ்வளவு பெரிய என்ஜின் சூடேறாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியத் தொடங்கும்.

கிலோவாட்டைத் தருவது என்ஜின், கே.வி.ஏ.வைத் தருவது ஆல்டர்னேட்டர். நின்ற நிலை மோட்டாரின் பவர் ஃபேக்டர் 0.3 அளவில்தான் இருக்கும். எனவே கிளம்பும் கணத்தில் பாரம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் மேல் விழுகிறது, என்ஜின் மேல் அல்ல. 250 கே.வி.ஏ.வுக்கான என்ஜினோடு 400 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரைப் பூட்டித் தரும்படி கேட்கலாம். நம் எடுத்துக்காட்டில் சரிவு 18 சதவீதத்துக்கு வந்துவிடும். என் பார்வையில் இந்த ஆலைக்குப் பொருத்தமான விடை இதுதான். அத்துடன் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர்.க்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலிருந்தே எடுத்தால், மின்னழுத்தம் விழும்போது அதன் காந்தப்புலத்தை உண்டாக்கும் தூண்டலும் சேர்ந்து விழும். நிலைக்காந்த ஜெனரேட்டரோ தனிச் சுற்றோ இருந்தால் மீட்சி விரைவாக இருக்கும். ஆனால் முதல் சில சுழற்சிகளின் சரிவை எந்த ஏ.வி.ஆராலும் தடுக்க முடியாது.

இனி மின்மாற்றி. மின்மாற்றியை இணைக்கும் கணத்தில், முன்பு அதன் இரும்பு உள்ளகத்தில் தங்கிய காந்தப்புலத்தையும் சுவிட்ச் போட்ட நொடியையும் பொறுத்து, முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு உச்சம் வரை இன்ரஷ் என்ற தொடக்க மின்னோட்டம் பாயலாம். இதை 1600 கே.வி.ஏ. என்று கணக்கில் சேர்த்து ஜெனரேட்டரை ஊதிப் பெரிதாக்குவது ஒரு தவறு. அது விரைவில் தணிந்துவிடும், ஒரு பக்கமாகச் சாய்ந்த அலை. தொடர்ந்து தாங்க வேண்டிய சுமை அல்ல. மறுபுறம், அதை அடியோடு மறந்து, மின்மாற்றியும் மோட்டாரும் ஒரே நொடியில் சேரும்படி விடுவது இன்னும் பெரிய தவறு. பிரேக்கர் விழுவது அப்படித்தான்.

வரிசைதான் மருந்து. மின்தடை வந்தால் மோட்டார் ஃபீடர்கள் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். பிறகு ஜெனரேட்டர் தூண்டல் இல்லாமல் சுழலும்போதே பிரேக்கரை மூடிவிட்டு, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் மின்மாற்றிக்கு இன்ரஷே கிட்டத்தட்ட வராது. இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. மின்னழுத்தம் நிலைபெற்றுச் சில நொடிகள் கழித்து பிரஸ்ஸையும், அதன் பிறகே சின்னச் சுமைகளையும் சேர்க்கலாம். பெரிய மோட்டாரை முதலில் கிளப்பினால், சரிவால் விழுந்துபோக வேறு இயந்திரங்களே அப்போது இருக்காது.

மோட்டாரை முதலில் ஸ்டாரிலும் பிறகு டெல்டாவிலும் இணைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டுவிட்டால் தொடக்கம் மூன்றில் ஒரு பங்கு, 190 கே.வி.ஏ. போதும் என்று எழுதுபவர்கள் டைமரை மறந்துவிடுகிறார்கள். வேகம் ஏறுவதற்குள் டெல்டாவுக்கு மாறினால், அந்தக் கணத்தில் ஏறக்குறைய நேரடி ஸ்டார்ட்டர் அளவுக்கே மின்னோட்டம் எகிறும்.

ஏற்கனவே வாங்கிய ஜெனரேட்டர் தடுமாறினால், வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள். ஹெர்ட்ஸ் ஓரளவு நிலையாக நின்று வோல்ட் மட்டும் விழுந்தால் ஆல்டர்னேட்டர், ஏ.வி.ஆர். பக்கம் தேட வேண்டும். ஹெர்ட்ஸும் கூடவே விழுந்து கரும்புகை வந்தால் என்ஜின்தான் திணறுகிறது. அப்போது ஏ.வி.ஆர். வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்து என்ஜினுக்கு மூச்சுவிட இடம் தரும். சாதாரண மல்டிமீட்டர் இந்த வேகத்தைப் பிடிக்காது. பதிவு செய்யும் பவர் அனலைசர் வேண்டும்.

விற்பனையாளரிடம் 250 கே.வி.ஏ. என்று மட்டும் கேட்காமல், 75 கிலோவாட் மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது, ஏற்கனவே இத்தனை கிலோவாட் ஓடும் நிலையில், ஜெனரேட்டர் முனையில் சரிவு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையில் எழுதுங்கள். ஆல்டர்னேட்டர் தயாரிப்பாளரின் மோட்டார் ஸ்டார்ட்டிங் வளைகோட்டையும் அதோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள்.