அவுரி நீலத் தொட்டி: தண்ணீர் நீலமாக இருந்தால் துணியை இறக்காதீர்கள்

தொட்டியைத் திறந்ததும் தண்ணீர் நல்ல நீலமாக இருந்தால் பலரும் சந்தோஷமாகத் துணியை இறக்கிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். நீலம் தண்ணீரில் கரையாது. எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுக்கமடைந்த பிறகுதான் சுண்ணாம்புக் காரத்தில் கரைந்து பருத்தி நூலுக்குள் போகும். அப்போது தண்ணீர் மஞ்சளும் பச்சையும் கலந்து தெளிவாக இருக்கும், மேலே செம்பு நிற ஆடை படியும். நீலமாகவே இருந்தால் தூள் மிதக்கிறது என்று அர்த்தம். அது துணியின் மேல் ஒட்டும், பிறகு கையில் தேய்ந்து வரும்.

10 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம் அவுரி நீலத்தூள், 120 கிராம் நீற்றிய சுண்ணாம்புத்தூள், 180 கிராம் பிரக்டோஸ் சர்க்கரை என்று வையுங்கள். நீலத்தூளை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். கை பொறுக்காத சூட்டில், சுமார் 50 டிகிரித் தண்ணீரில் பிரக்டோஸைக் கரைத்து, நீலக் குழம்பை ஊற்றி, கடைசியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். அப்புறம் மூடிவைத்து மண்டி படிய விடுங்கள். சர்க்கரைக்குப் பதில் தகரை விதையை வேகவைத்துப் போட்டுப் புளிக்கவிடுவது நம் பழைய முறை. அதற்கு நாட்கணக்கில் பொறுமை வேண்டும்.

நிறம் மாறவில்லை என்றால் உடனே சர்க்கரையைக் கொட்டுவது அடுத்த தவறு. முதலில் சூட்டைப் பாருங்கள், ஆறியிருந்தால் சூடாக்குங்கள். பிறகு பிஎச் தாளில் 10-க்குக் கீழே காட்டினால் சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சரியாக இருந்தால்தான் ஒரு கரண்டி பிரக்டோஸ். எதைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

துணியில் கஞ்சி இருந்தால் திட்டுத் திட்டாக ஏறும். சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து அலசி, ஈரத்தோடு இறக்குங்கள். அடி மண்டியைத் துணி தொட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஒரு வலைக்கூடை தொங்கவிட்டால் போதும். வெளியே எடுக்கும்போது தண்ணீருக்கு அடியிலேயே பிழிந்துகொண்டு வாருங்கள். மேலே தூக்கிப் பிழிந்தால் சொட்டும் ஒவ்வொரு துளியும் காற்றைத் தொட்டிக்குள் கொண்டுபோகும்.

கரும் நீலம் வேண்டுமென்று ஒரே முக்காக ஒரு மணி நேரம் ஊறவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஏற்கெனவே ஏறிய நீலமும் தொட்டிக்குள் மறுபடி ஒடுங்கிக் கரைந்து வெளியேறலாம். ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி, மடிப்புகளைப் பிரித்துக் காற்றில் கால் மணி நேரம் விடுங்கள். மடிப்புக்குள் பச்சை கொஞ்சமும் இல்லாமல் போன பிறகே அடுத்த முக்கு. இப்படி எட்டுப் பத்து முறை. ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள், காய்ந்ததும் நன்றாகவே வெளிறும். வேண்டிய நிறத்துக்கு மேல் ஓரிரு முக்கு கூடுதலாகப் போட்டு நிறுத்துங்கள். ஒரு நாள் காயவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் அலசிச் சுண்ணாம்பை நீக்கிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை துவையுங்கள்.