நெதர்லாந்தில் ‘பிடி’, ஃபிளாண்டர்ஸில் ‘பார்’: டச்சு மொழியில் காதலைச் சொல்லும்போது நேரும் தவறுகள்

டச்சு மொழியில் காதலைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் உண்டு. நெதர்லாந்தில் ‘இக் ஹவ் வன் யெ’. பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸில் ‘இக் ஸீ யெ கிராஹ்’. தட்டச்சு செய்யும்போது முன்னது `Ik hou van je`, பின்னது `Ik zie je graag`. இரண்டுக்கும் ஒரே பொருள் என்று பாடப்புத்தகத்தின் ஓரக்குறிப்பில் படித்துவிட்டு, எங்கும் எதையும் மாற்றிப் போடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் ‘ஹவ் வன்’. ‘ஹவ்டன்’ என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் பிடித்துக்கொள்வது, வைத்துக்கொள்வது. கையால் பிடிப்பதற்கும் மனத்துக்குப் பிடிப்பதற்கும் தமிழில் ஒரே வேர் இருப்பதுபோலத்தான் இங்கேயும். ஆனால் டச்சில் மனத்துக்குப் பிடிக்கும் பொருளைத் தருவது ‘வன்’ என்ற சிறுசொல். ‘உன்னை’ என்று ஒரே சொல்லில் வேற்றுமையை ஒட்டிப் பேசிப் பழகிய நமக்கு அந்த ‘வன்’ நழுவிப்போவது எளிது. ‘இக் ஹவ் யெ’ என்று நிறுத்தினால், ‘நான் உன்னைப் பிடித்து’ என்று பாதியில் விட்டதுபோல இருக்கும். கேட்பவர் மீதிக்காகக் காத்திருப்பார். ‘இக் ஹவ் யெ வஸ்ட்’ என்றால் உன்னை இறுகப் பிடித்திருக்கிறேன் என்று பொருள். அது வேறு வாக்கியம்.

இந்த ஒற்றுமைக்குள்ளேயே நமக்கு இன்னொரு குழியும் இருக்கிறது. ‘இக் ஹவ் வன் காஃபி’ என்பது ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதற்குச் சரியாகப் பொருந்தும். அதே அச்சில் ஒரு சக ஊழியரிடம் ‘எனக்கு உங்களைப் பிடிக்கும்’ என்று சொல்ல நினைத்து ‘ஹவ் வன்’ போட்டால், அது நேரடியான காதல் அறிவிப்பாகிவிடும். பொருள்களின் மேல் வரும்போது லேசான சொல், ஆளின் மேல் வரும்போது கனத்துவிடுகிறது. காதலர், கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் அது இயல்பு. அதற்கு வெளியே, ஒருவரைப் பழகப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ‘இக் மஹ் யெ’ போதும். காதல் அரும்பும் கட்டத்தில் ‘இக் விண்ட் யெ லோக்’ என்பார்கள். காதலில் விழுந்துவிட்டேன் என்பதற்கு ‘இக் பென் வெர்லீஃப்ட் ஓப் யெ’. இந்தப் படிகளைத் தாண்டி எடுத்த எடுப்பில் ‘ஹவ் வன்’ சொன்னால் எதிரில் இருப்பவர் திகைப்பார்.

இனி ‘ஸீ கிராஹ்’. ‘ஸீன்’ என்றால் பார்ப்பது, ‘கிராஹ்’ என்றால் விருப்பத்தோடு. இரண்டும் சேர்ந்தால் ஃபிளாண்டர்ஸில் நேசிப்பது. காதலிக்கு மட்டுமல்ல, பாட்டிக்கும் பேரனுக்கும் வீட்டு நாய்க்கும் இதே சொல்தான். அங்கே பலர் காதில் ‘ஹவ் வன் யெ’ சரியாகவே விழும், ஆனால் கொஞ்சம் புத்தக வாடையோடு. வீட்டுக்குள் புழங்குவது ‘கிராஹ் ஸீன்’. என்னைக் கேட்டால் இரண்டில் இதுவே கதகதப்பானது. ஆனால் பொருள்களுக்கு இதைப் போடக்கூடாது. உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்கும் என்றால் ‘கிராஹ்’ அப்படியே இருக்க, வினை உண்பதாக மாறும்: ‘இக் ஏட் கிராஹ் ஃப்ரீட்யெஸ்’.

இந்த வாக்கியம் உடைவது நெதர்லாந்து எல்லையைத் தாண்டும்போது. ஃபிளாண்டர்ஸின் கென்ட் நகரப் பெண் ஒருத்தி நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் இருக்கும் ஆணுக்கு இரவு `Ik zie je graag` என்று அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாண்டர்ஸின் டச்சான ஃபிளெமிஷ் வழக்கைக் கேட்டுப் பழகாதவன் என்றால், ‘உன்னைச் சந்திக்க விருப்பம்’ என்று படித்துக்கொண்டு `Leuk! Hoe laat?` என்று, அதாவது ‘நல்லது, எத்தனை மணிக்கு?’ என்று பதில் போடக்கூடும். அவன் படித்ததில் பிழை இல்லை. நெதர்லாந்தில் ‘இக் ஸீ யெ கிராஹ் ஓம் அஹ்ட் ஊர்’ என்றால் எட்டு மணிக்கு வா என்பதுதான். மறுபக்கம், டச்சு அலுவலகக் கடிதத்தில் வரும் ‘உங்களைத் திங்கட்கிழமை கிராஹ் பார்க்கிறேன்’ என்ற வரியைக் கண்டு ஃபிளாண்டர்ஸில் டச்சு கற்றவர் திடுக்கிட வேண்டியதில்லை. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்ற வழக்கமான கடித முடிவிலும் இதே இரண்டு சொற்கள் வருகின்றன.

வேறுபடுத்த ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தில் நேரமோ, நாளோ, இன்னொரு வினையோ சேர்ந்தால் காதல் பொருள் கரைந்துவிடும். ‘இக் ஸீ யெ கிராஹ் லஹன்’ என்றால் நீ சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்கும் என்றுதான் பொருள். ‘ஸவ்’ என்ற சொல் நுழைந்தாலும் அப்படியே: ‘இக் ஸவ் யெ கிராஹ் ஸீன்’ என்பது இரு நாட்டிலும் உன்னைப் பார்க்க ஆசை என்பதே. அவை எதுவும் இல்லாமல் வாக்கியம் ‘கிராஹ்’ என்பதில் நின்றால், ஃபிளெமிஷ் காதில் அது நேசம்.

‘யெ’ இருக்கும் இடத்தில் ஃபிளாண்டர்ஸில் `u` என்று கேட்டால் தயங்க வேண்டாம். வகுப்பில் `u` என்றால் ‘நீங்கள்’ என்று கற்றிருப்பீர்கள். நெதர்லாந்தில் அது சரி, அங்கே காதலியிடம் `Ik hou van u` என்றால் அந்நியமாக ஒலிக்கும். ஃபிளெமிஷ் பேச்சில் நெருக்கமானவரை அழைக்கும் ‘ஹெய்’ என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவமும் `u` தான். ஆகவே `Ik zie u graag` என்பது ‘உங்களை’ அல்ல, ‘உன்னை’.

அளவைக் கூட்டும்போது இரண்டும் வேறு வழியில் போகின்றன. ‘ஹவ் வன்’ உடன் மிகுதியைக் குறிக்கும் ‘ஹேல் ஃபேல்’ சேரும்: ‘இக் ஹவ் ஹேல் ஃபேல் வன் யெ’. ‘கிராஹ்’ உடன் ‘ஹேல்’ மட்டும்: ‘இக் ஸீ யெ ஹேல் கிராஹ்’. இங்கே ‘ஃபேல்’ போட்டு ‘கிராஹ்’ என்பதை விட்டுவிட்டால், உன்னை அடிக்கடி பார்க்கிறேன் என்று ஆகிவிடும். ஒருவரைவிட மற்றவரை அதிகம் நேசிப்பதைச் சொல்ல ‘கிராஹ்’ தானே ‘லீவர்’ என்று மாறும்.

பதில் சொல்லும்போதும் எந்த வாக்கியத்தைக் கேட்டீர்களோ அதன் அச்சிலேயே திருப்பித் தர வேண்டும். ‘ஹவ் வன் யெ’ என்றவருக்கு ‘இக் ஓக் வன் யவ்’, அதாவது நானும் உன்னை. வெறும் ‘இக் ஓக்’ என்றால் ‘நானும்’ என்று அரைகுறையாக நிற்கும். நானும் என்னைத்தான் நேசிக்கிறேன் என்று கிண்டலுக்கு இடமாகும். ‘ஸீ யெ கிராஹ்’ என்றவருக்கு ‘இக் யவ் ஓக்’. இதில் ‘வன்’ வராது.

‘கிராஹ்’ என்பதில் வரும் ஒலி நம்மைப் பயமுறுத்த வேண்டியதில்லை. நெதர்லாந்தின் பெரும்பகுதியில் அதைத் தொண்டையில் கரகரவென்று இழுப்பார்கள். ஃபிளாண்டர்ஸில் அது மென்மை. ‘பகல்’, ‘நகம்’ என்னும்போது நடுவில் வரும் ககரத்தை இன்னும் கொஞ்சம் மூச்சுவிட்டுச் சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும்.

எழுத்தில் அடிக்கடி கண்ணில் படுவது `Ik houdt van je`. `Ik hou`, `Ik houd` இரண்டும் சரி, முதலாவது பரவலானது. கடைசியில் `t` சேர்வது ‘நீ’, ‘அவன்’, ‘அவள்’ போன்றவை எழுவாயாக முன்னால் வரும்போதுதான்: `Hij houdt van haar`. இந்த `dt` பிழையை டச்சு பேசுபவர்களே செய்வார்கள், மற்றவர் செய்தால் உடனே சுட்டிக்காட்டவும் செய்வார்கள். காதல் செய்திக்குத் திருத்தம் பதிலாக வராமலிருக்க, அனுப்பும் முன் அந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.