ஆவர்த்தனப் பண்புகள் பாடத்தை ஒரே தாளில் நிற அட்டவணையாக்குவது எப்படி?

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் ஆவர்த்தனப் பண்புகள் பாடம் முடிந்ததும் குறிப்பேட்டில் வழக்கமாக எஞ்சுவது இரண்டு வரிதான். "அயனியாக்கும் ஆற்றல் வரிசையில் இடமிருந்து வலமாகக் கூடும். தொகுதியில் மேலிருந்து கீழாகக் குறையும்." இதை நினைவில் வைக்க அட்டவணையே தேவையில்லை, இரண்டு அம்புக்குறி போதும். தேர்வில் கேட்பதோ "நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு ஏன் குறைவு?" என்று. ஆகவே அம்புக்குறி எங்கே பொய்க்கிறது என்பது பார்த்ததும் கண்ணில் படும்படி நிறம் தீட்ட வேண்டும். முதல் அயனியாக்கும் ஆற்றலை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

ஒரு தாளுக்கு ஒரு பண்பு

அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை என்று நான்கையும் ஒரே தாளில் நான்கு நிறத்தில் தீட்டத் தோன்றும். வேண்டாம். ஒரு கட்டத்தில் நான்கு நிறம் இருந்தால் எந்த நிறம் எந்தப் பண்பு என்பதே மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பாடமாகிவிடும். அயனியாக்கும் ஆற்றலில் தொடங்கக் காரணம், விதிவிலக்குகள் அதில்தான் தெளிவாகத் தெரிகின்றன. அணு ஆரத்தின் பொதுப்போக்கு இதற்கு நேர் எதிர் என்பதால், ஓரத்தில் ஓர் அம்பு வரைந்தால் இப்போதைக்குப் போதும்.

தேவையானவை

ஏ4 தாள் ஒன்று, அளவுகோல், கறுப்புப் பந்துமுனைப் பேனா, 12 நிறம் கொண்ட கலர் பென்சில் டப்பா. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். அது தாளின் மறுபக்கம் ஊறும், எழுதிய எண்ணையும் மூடிவிடும்.

படி 1: கட்டம்

தாளைக் கிடைவாக்கில் வையுங்கள். 3 செ.மீ. சதுரக் கட்டங்களாக 8 நெடுவரிசை, 4 கிடைவரிசை போடுங்கள். மொத்தம் 24 × 12 செ.மீ. ஆகும். மேலே தலைப்புக்கும் கீழே நிறவிளக்கத்துக்கும் தாராளமாக இடம் மிஞ்சும்.

நெடுவரிசைகள் 1, 2, 13 முதல் 18 வரையான தொகுதிகள். கிடைவரிசைகள் 2 முதல் 5 வரையான வரிசைகள். 4, 5 ஆம் வரிசைகளில் 2 ஆம் தொகுதிக்கும் 13 ஆம் தொகுதிக்கும் நடுவே உள்ள கோட்டை இரட்டைக் கோடாகப் போடுங்கள். அங்கே பத்து இடைநிலைத் தனிமங்களைத் தாண்டியிருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். கேலியம் பற்றிய காரணம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இடைநிலைத் தனிமங்களை விட்டுவிடலாம். ஸ்காண்டியம் 633, தாமிரம் 745 என்று அவற்றின் மதிப்புகள் மெதுவாகத்தான் ஏறும், நிறம் தீட்டினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஹைட்ரஜனையும் சேர்க்க வேண்டாம். அதன் மதிப்பு 1312, கிட்டத்தட்ட ஆக்சிஜன் அளவு. லித்தியத்தின் தலைக்குமேல் அதை வைத்தால் முதல் தொகுதியே குழம்பிப்போகும்.

படி 2: எண்களை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் மேல் 1 செ.மீ. பட்டையில் குறியீட்டையும் மதிப்பையும் பேனாவால் எழுதுங்கள். கீழ் 2 செ.மீ. மட்டும் நிறத்துக்கு. எழுதும் பட்டை வெள்ளையாகவே இருந்தால் அடர்ந்த நிறக் கட்டத்திலும் எண் படிக்க முடியும்.

மதிப்புகள் கிலோஜூல்/மோல் அலகில் இவை:

```
Li 520  Be 899  B  801  C  1086  N  1402  O  1314  F  1681  Ne 2081
Na 496  Mg 738  Al 578  Si 786   P  1012  S  1000  Cl 1251  Ar 1521
K  419  Ca 590  Ga 579  Ge 762   As 947   Se 941   Br 1140  Kr 1351
Rb 403  Sr 549  In 558  Sn 709   Sb 834   Te 869   I  1008  Xe 1170
```

உங்கள் பாடநூலில் ஓரிரு அலகு முன்பின் இருக்கலாம், அதனால் படம் மாறாது. அலகு மாறினால்தான் சிக்கல். சில நூல்கள் எலக்ட்ரான்வோல்ட்டில் தரும், அதில் போரான் 8.30 மட்டுமே. அதை 96.485 ஆல் பெருக்கினால் 801 வரும். இன்னொரு தவறு, இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் நிரலிலிருந்து எண்ணை எடுத்துவிடுவது. சோடியத்துக்கு 4562 என்று எழுதியிருந்தால் நீங்கள் பக்கத்து நிரலைப் பார்த்திருக்கிறீர்கள்.

படி 3: நிறத்தை எங்கே வெட்டுவது?

அட்டவணை தேறுவதும் தேறாததும் இந்தப் படியில்தான். 400 முதல் 2100 வரை உள்ள இடைவெளியைச் சமமாக ஐந்தாகப் பிரித்தால் ஒரு நிறத்துக்கு 340 வரும். நியாயமாகத்தான் படும். ஆனால் தீட்டிப் பார்த்தால் 32 தனிமங்களில் 22 முதல் இரண்டு நிறங்களுக்குள் அடங்கிவிடும், கடைசி நிறத்தில் நியான் மட்டும் தனியாக நிற்கும். அதைவிட மோசம், Be–B, N–O, Mg–Al ஆகிய மூன்று இறக்கங்களும் காணாமல் போகும். ஒவ்வொரு இணையும் ஒரே நிறத்துக்குள் விழுந்துவிடுகிறது. எதைக் காட்டத் தாளை எடுத்தோமோ அதையே தாள் மறைத்துவிடும்.

ஆகவே இப்படி வெட்டுங்கள்:

- 600க்குக் கீழ்: வெள்ளை (தீட்ட வேண்டாம்)
- 600 முதல் 849: மஞ்சள்
- 850 முதல் 1099: ஆரஞ்சு
- 1100 முதல் 1399: சிவப்பு
- 1400 முதல்: பழுப்பு

இப்போது வெள்ளையில் 9, மஞ்சளில் 6, ஆரஞ்சில் 8, சிவப்பில் 5, பழுப்பில் 4 தனிமங்கள் வரும். தீட்டி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் எங்கோ ஒரு கட்டம் தவறியிருக்கிறது.

1400 என்ற எல்லை வேண்டுமென்றே வைத்தது. 1402 உள்ள நைட்ரஜன் நூலிழையில் பழுப்புக்குள் வருகிறது, 1314 உள்ள ஆக்சிஜன் சிவப்பில் நின்றுவிடுகிறது. நிற எல்லைக்கு வேதியியலில் பொருள் ஒன்றும் கிடையாது, அது நம் வசதிக்கு நாம் போட்டது. இதை மறந்து "பழுப்புத் தனிமங்கள்" என்று ஒரு வகை இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

நிறங்கள் வெளிர் நிலையிலிருந்து அடர் நிலைக்குப் போவதைக் கவனித்திருப்பீர்கள். பச்சை, நீலம், ஊதா என்று கைக்கு வந்ததை எடுத்தால் எது பெரியது என்று கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் விளக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். கறுப்புவெள்ளையில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். அதிலும் ஐந்து படிகளும் வரிசையாகத் தெரிந்தால் நிறத்தேர்வு சரி. சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் வந்தால் பழுப்பை இன்னொரு முறை அழுத்தித் தீட்டுங்கள்.

படி 4: நிறம் காட்டாததைக் குறியால் காட்டுங்கள்

தாளைக் கைநீட்டும் தூரத்தில் பிடியுங்கள். இடது பக்கம் வெளுத்தும் வலது மேல் மூலை அடர்ந்தும் இருக்கும். ஆசிரியர் சொன்ன இரண்டு வரி அதுதான். இப்போது நிறம் பின்வாங்கும் இடங்களைப் பாருங்கள். ஆரஞ்சு Be-ஐ அடுத்து மஞ்சள் B, பழுப்பு N-ஐ அடுத்து சிவப்பு O, மஞ்சள் Mg-ஐ அடுத்து வெள்ளை Al.

P–S இணையில் வித்தியாசம் 12 மட்டுமே, Ca–Ga இல் 11, As–Se இல் 6. இவை ஒரே நிறத்துக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே இடப்பக்கத் தனிமத்தைவிட மதிப்பு குறைந்த ஒவ்வொரு கட்டத்திலும் நீலத்தில் ▼ போடுங்கள். B, O, Al, S, Ga, Se என்று சரியாக ஆறு வரும்.

கணினியில் சரிபார்க்க நினைப்பவர்கள் கூகுள் ஷீட்ஸில் B2 முதல் I5 வரை எண்களை மட்டும் இட்டு, C2:I5 ஐத் தேர்ந்து, Format → Conditional formatting → Custom formula is என்ற இடத்தில் இதைக் கொடுக்கலாம்:

```
=C2<B2
```

அதே ஆறு கட்டங்கள் மட்டும் நிறம் மாற வேண்டும். ஏழாவதாக ஒன்று மாறினால் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள்.

5 ஆம் வரிசையில் ▼ ஒன்றுகூட இல்லை. 549 இலிருந்து 558 என Sr–In ஏறுகிறது, 834 இலிருந்து 869 என Sb–Te ஏறுகிறது. "13, 16 ஆம் தொகுதிகளில் எப்போதும் இறங்கும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சறுக்குவார்கள். விதிவிலக்குக்கும் எல்லை உண்டு என்பதை இந்த வெறுமையான வரிசை காட்டுகிறது.

படி 5: காரணத்தைக் கட்டத்துக்கு வெளியே

தாளின் கீழே மூன்றே குறிப்பு எழுதுங்கள்.

முதலாவது 13 ஆம் தொகுதிக்கு: B-யில் நீக்கப்படும் எலக்ட்ரான் 2p ஆர்பிட்டாலில் உள்ளது. அது 2s-ஐவிட ஆற்றல் கூடியது, உள்ளிருக்கும் 2s எலக்ட்ரான்களும் அதைக் கொஞ்சம் மறைக்கின்றன. அதனால் எளிதில் வெளியேறும்.

இரண்டாவது 16 ஆம் தொகுதிக்கு: O-வின் 2p⁴ இல் ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் இணைந்துள்ளன, அவற்றின் விலக்கத்தால் ஒன்றை நீக்குவது எளிது. "நைட்ரஜன் பாதி நிரம்பியது, எனவே நிலையானது" என்று மட்டும் எழுதுவது வழக்கம். அது பாதிப் பதில்தான். விலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்றாவது இரட்டைக் கோட்டுக்கு: தொகுதியில் கீழே போனால் குறைய வேண்டும், ஆனால் Al 578, Ga 579. நடுவில் சேர்ந்த பத்து 3d எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாக மறைப்பதில்லை. கூடிய பத்து புரோட்டான்களின் இழுப்பு வெளிக்கூடு வரை எட்டுகிறது. Al-க்கும் Ga-வுக்கும் நடுவே ஒரு சிறிய = குறி போட்டால் போதும்.

படி 6: வெற்றுக் கட்டத்தில் மீட்டுப் பார்ப்பது

தீட்டிய தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அலங்காரம்தான். குறியீடு மட்டும் எழுதிய வெற்றுக் கட்டத்தை ஐந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எண் எதையும் நினைவுபடுத்தாமல், நிறத்தையும் ▼ குறியையும் மட்டும் 2, 3 ஆம் வரிசைகளுக்கு நிரப்புங்கள். பத்து நிமிடம் ஆகும். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எங்கே தவறுகிறது என்பதை வைத்துக் காரணம் புரியும். O-வுக்குப் பழுப்பு தீட்டியிருந்தால் இரண்டாவது குறிப்பு மனதில் பதியவில்லை. Al-க்கு மஞ்சள் வந்தால் முதலாவது. Cl-க்குப் பழுப்பு வந்தால் அது வேறு கோளாறு: வரிசைப்போக்கை மட்டும் பார்த்து, ஒரு படி கீழே இறங்கியதை மறந்திருக்கிறீர்கள். இரண்டு வரிசைகளும் தவறின்றி வந்த பிறகே 4, 5 ஆம் வரிசைகளைச் சேர்க்கலாம்.

இதே கட்டத்தில் அணு ஆரத்துக்குத் தனித்தாள் போடும்போது 18 ஆம் தொகுதியைத் தீட்டாமல் கோடிட்டு விடுங்கள். குளோரினுக்கு 99 பிக்கோமீட்டர் என்பது சகப்பிணைப்பு ஆரம், ஆர்கானுக்கு 188 என்பது வாண்டர்வால்ஸ் ஆரம். இரண்டையும் ஒரே நிற அளவில் தீட்டினால் வரிசைக் கடைசியில் அணு திடீரென்று வீங்கியதுபோலத் தெரியும்.