2-எத்தில்பென்டேன் என்று ஒன்று கிடையாது

கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் கேள்வியில் நான் அடிக்கடி காணும் தவறான விடை இது. கொடுக்கப்பட்ட அமைப்பு:

```
CH3–CH–CH2–CH2–CH3
    |
    CH2–CH3
```

இடமிருந்து வலமாக நேர்கோட்டில் ஐந்து கார்பன்கள், கீழே ஓர் எத்தில் தொங்குகிறது. மாணவர் 2-எத்தில்பென்டேன் என்று எழுதிவிடுகிறார். சங்கிலி நேர்கோட்டில்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை; மிக நீளமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே உள்ள CH3-இல் விரலை வைத்து மேலேறி, கிளை சேரும் இடத்தில் வலப்பக்கம் திரும்புங்கள். ஆறு கார்பன்கள் வரும். அப்போது இடது ஓரத்தில் இருந்த CH3 தான் கிளை. சரியான பெயர் 3-மெத்தில்ஹெக்சேன்.

கார்பன்களை எண்ணிப் பார்த்து இந்தத் தவறைப் பிடிக்க முடியாது. இரண்டு பெயர்களுமே C7H16 என்றுதான் வரும். ஆனால் படத்தைப் பார்க்காமல், பெயரை மட்டும் வைத்தே பிடிக்கலாம். இரண்டாம் கார்பனுக்கு ஒரு பக்கம் மிச்சமிருப்பது ஒரே ஒரு கார்பன். அங்கே இரண்டு கார்பன் நீளமுள்ள எத்தில் இருந்தால், அந்த ஒற்றைக் கார்பனைக் கிளையாக விட்டுவிட்டு எத்தில் வழியாகப் போவதுதான் நீளமான பாதை. ஆகவே ஆல்கேன்களில், அருகிலுள்ள முனையிலிருந்து எண்ணும்போது, 2-ஆம் இடத்தில் மெத்தில் நீளம் மட்டுமே தாங்கும்; 3-இல் எத்தில் வரை, 4-இல் புரொப்பைல் வரை. 1-மெத்தில் என்று எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது சங்கிலியின் நீட்சிதான்.

சங்கிலி சரியாக அமைந்த பிறகு, எண்ணத் தொடங்கும் முனையில் அடுத்த சறுக்கல். 4-மெத்தில்ஹெக்சேன் என்று எழுதுவது இந்த வகை. இதற்கு எளிய சோதனை: சங்கிலியின் கார்பன் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதிலிருந்து இட எண்ணைக் கழியுங்கள். 7-லிருந்து 4 போனால் 3. மறுமுனையிலிருந்து எண்ணினால் 3 கிடைக்கிறது; கிளைக்குச் சிறிய எண்தான் வர வேண்டும் என்பதால் அதுதான் சரி.

இரண்டு மூன்று கிளைகள் இருந்தால்? "எண்களின் கூட்டுத்தொகை குறைவாக இருக்க வேண்டும்" என்று பலருக்கும் மனப்பாடம். அது விதியே அல்ல. இந்தச் சேர்மத்தைப் பாருங்கள்:

```
CH3–CH(CH3)–(CH2)4–CH(CH3)–CH(CH3)–CH2–CH3
```

பத்துக் கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில்கள். இடமிருந்து எண்ணினால் 2,7,8. ஒவ்வொன்றையும் 11-லிருந்து கழித்தால் மறுமுனையின் எண்கள் 3,4,9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9-ஐ எடுப்பார், மதிப்பெண் போகும். உண்மையான விதி, இரு வரிசைகளையும் முதல் எண்ணிலிருந்து ஒப்பிட்டு, முதன்முதலில் வேறுபடும் இடத்தில் எது சிறியதோ அதை எடுப்பது. இங்கே முதல் எண்ணிலேயே 2, 3-ஐ வென்றுவிடுகிறது. பெயர் 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன்.

கூட்டுத்தொகைப் பழக்கம் ஏன் சாகாமல் இருக்கிறது என்று ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒன்றோ இரண்டோ கிளைகள் இருக்கும்வரை அது சரியான முனையைத்தான் காட்டுகிறது. மூன்றாவது கிளை வரும்போதுதான் காலை வாருகிறது. பாடநூல் பயிற்சிகளில் பெரும்பாலும் இரண்டு கிளைகள்தானே.

இரு முனையிலிருந்தும் எண்கள் ஒன்றாகவே வந்தால் ஆங்கில அகர வரிசையில் முந்துவதற்குச் சிறிய எண்: 3-எத்தில்-5-மெத்தில்ஹெப்டேன்.

இவ்வளவும் ஆல்கேன்களுக்கு. –OH போன்ற முதன்மை வினைசெயல் தொகுதி வந்தால் கணக்கு மாறுகிறது. அப்போது அந்தத் தொகுதியைத் தாங்கும் கார்பன் சங்கிலிக்குள் இருந்தே ஆக வேண்டும், எண்ணும்போது சிறிய எண்ணும் அதற்கே. பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் பொருள்களைத் தயாரிக்க ஆலைகளில் பெருமளவு பயன்படும் ஓர் ஆல்கஹாலை எடுத்துக்கொள்வோம்:

```
HO–CH2–CH–CH2–CH2–CH2–CH3
       |
       CH2–CH3
```

எத்திலில் தொடங்கி வலப்பக்கம் போனால் ஏழு கார்பன்கள் கிடைக்கும். மேலே சொன்ன "2-இல் எத்தில் தாங்காது" என்ற சோதனையைக் கண்மூடிப் போட்டவர் ஹெப்டேன் என்று தொடங்கிவிடுவார். ஆனால் அந்தப் பாதையில் –OH உள்ள கார்பன் வெளியே நின்றுவிடுகிறது. அதைச் சேர்த்துப் போகும் மிக நீண்ட சங்கிலி ஆறு கார்பன்தான். எனவே பெயர் 2-எத்தில்ஹெக்சன்-1-ஆல். இங்கே 2-இல் எத்தில் முழுக்கச் சரி.