திருத்த ஒப்பந்தத்தைச் சுருக்கும்போது காணாமல் போகும் உட்பிரிவுகள்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை நடத்தும் ஒருவரும், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை நடத்தும் ஒருவரும் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு ஜாப் ஒர்க் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆம்பூர்க்காரர் அனுப்பும் தோலை ராணிப்பேட்டை ஆலை ஃபினிஷிங் செய்து குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும். கூலி சதுர அடிக் கணக்கு. 2021இல் முதல் திருத்தம் வந்தது, 2023இல் இரண்டாவது வந்தது. அந்த இரண்டாவது திருத்தத்துக்கு ஆலைக்காரர் சார்பில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தது நான். அதில் நான் செய்த தவறுகளையும், அதற்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கத்து ஒப்பந்தங்களில் மற்றவர்கள் எழுதிய சுருக்கங்களில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளையும் இந்த ஒரே ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன். தரப்பினரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

மூல ஒப்பந்தத்தின் பிரிவு 9 தாமதத்தைப் பற்றியது. அதற்கு மூன்று உட்பிரிவுகள் இருந்தன. 9.1இன்படி, சரக்கு தாமதமானால் வாரத்துக்கு பில் தொகையில் அரை சதவீதம் பிடிக்கப்படும். 9.2இன்படி, எத்தனை வாரம் தாமதமானாலும் மொத்தப் பிடித்தம் 5 சதவீதத்தைத் தாண்டாது. 9.3இன்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவால் ஆலை மூடப்பட்டிருக்கும் நாட்கள் தாமதக் கணக்கில் சேராது. பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த மூன்றாவது உட்பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ இப்படிச் சொன்னது: "மூல ஒப்பந்தத்தின் பிரிவு 9 முழுவதும் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் கீழ்க்காணும் பிரிவு சேர்க்கப்படுகிறது: 9. குறித்த நாளில் சரக்கை ஒப்படைக்கத் தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் பில் தொகையில் 1 சதவீதம் பிடித்தம் செய்யப்படும்."

என் சுருக்கத்தில் நான் எழுதிய வாக்கியம் இது: "பிரிவு 9: தாமதப் பிடித்தம் வாரத்துக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதமாக உயர்த்தப்பட்டுள்ளது." அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வந்த வாசகத்தை மட்டும் படித்துவிட்டு, அதோடு ஒத்துப்போகும் பழைய உட்பிரிவை மட்டும் தேடிப்பிடித்து ஒப்பிட்டிருந்தேன். பழைய பிரிவில் வேறு என்ன இருந்தது, அவை எங்கே போயின என்று பார்க்கவில்லை. பிரிவு முழுவதும் நீக்கப்படும்போது அதன் உட்பிரிவுகள் எல்லாமே நீக்கப்படுகின்றன. புதிய வாசகத்தில் திரும்ப எழுதப்பட்டவை மட்டும்தான் பிழைத்திருக்கும். ஆகவே 5 சதவீத உச்சவரம்பும் மூடல் நாட்களுக்கான விலக்கும் ஒரு சொல் கூட எழுதப்படாமலேயே போய்விட்டன.

சில மாதங்கள் கழித்து ஆலைக்காரர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு பில்லை மேசைமேல் வைத்தார். பில் தொகை 4 லட்சம் ரூபாய், தாமதம் 8 வாரம், அதில் 3 வாரம் ஆலை மூடப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு 32,000 ரூபாய் பிடித்திருந்தது. "சார், நீங்க எழுதிக் குடுத்ததுல வாரத்துக்கு ஒரு பர்சென்ட்டுன்னு மட்டும்தான இருக்குது. அந்த அஞ்சு பர்சென்ட்டும் மூடுன நாளும் எங்க போச்சு?" என்று கேட்டார். பழைய பிரிவின்படி 5 வாரத்துக்கு இரண்டரை சதவீதம், அதாவது 10,000 ரூபாய்தான் வந்திருக்கும். என் சுருக்கத்தை நம்பிய அவர் 5 வாரத்துக்கு 5 சதவீதம், 20,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தார். திருத்தத்தின் வாசகப்படி 8 வாரத்துக்கு 8 சதவீதம், 32,000 ரூபாய். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் வழங்கும் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அது வழக்குக்குப் போன பிறகு வரும் வாதம்; ஒரு சுருக்கம் அதை நம்பி உட்பிரிவை விட்டுவிட முடியாது.

இதைத் தவிர்க்க நான் இப்போது செய்வது இதுதான். திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடுவதில்லை. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு உட்பிரிவின் எதிரிலும் திருத்தம் அதை என்ன செய்தது என்று எழுதுகிறேன். 9.1 மாற்றப்பட்டது, 9.2 நீக்கப்பட்டது, 9.3 நீக்கப்பட்டது என்று மூன்று வரிகள் தனித்தனியாக வந்துவிட்டால் எதுவும் நழுவாது. அதோடு, திருத்தத்தின் வினைச்சொல்லை அப்படியே எடுத்து எழுதுகிறேன். "பிரிவு 9 நீக்கப்பட்டு அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படுகிறது" என்பதும், "பிரிவு 9.1இல் 0.5 சதவீதம் என்பதற்குப் பதிலாக 1 சதவீதம் என்று கொள்ள வேண்டும்" என்பதும் சுருக்கத்தில் ஒரே மாதிரி "மாற்றப்பட்டது" என்று வந்துவிடக் கூடாது. இரண்டாவது வகையில் எழுதியிருந்தால் உச்சவரம்பும் விலக்கும் உயிரோடு இருந்திருக்கும். உட்பிரிவு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன், அதே பாதுகாப்பு வேறு பிரிவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் பிரிவு 12 இயற்கைச் சீற்றத்தைப் பற்றிப் பேசியது, வாரிய உத்தரவைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது தவறு நீக்கப்பட்ட பிரிவுகளைச் சார்ந்தது. அதே திருத்தம் பிரிவு 7.3ஐ நீக்கியது. ஒரு லாட்டில் தள்ளுபடியாகும் தோல் 3 சதவீதத்தைத் தாண்டினால் கூலியில் குறைக்கலாம் என்பது அந்த உட்பிரிவு. "7.3 நீக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். ஆனால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றிய 11.2, "பிரிவு 7.3இல் கூறிய அளவு தொடர்ந்து மூன்று லாட்டுகளில் மீறப்பட்டால்" ஆம்பூர்த் தரப்பு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்றது. திருத்தம் 11.2ஐத் தொடவே இல்லை. அதன் சொற்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அது சுட்டிக்காட்டும் இடம் காலியாகிவிட்டது. அந்த 3 சதவீதம் 11.2க்காக மட்டும் இன்னும் வாழ்கிறது என்று ஒருவர் வாதிடலாம், 7.3 போனதும் 11.2 செயலற்றுவிட்டது என்று மற்றவர் வாதிடலாம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுருக்கம் எழுதுகிறவரின் வேலை அல்ல என்பது என் உறுதியான கருத்து. 11.2ஐ "மாற்றமில்லை" என்ற பட்டியலில் வெறுமனே போடுவதும் தவறு, "செயலிழந்தது" என்று தீர்ப்பு எழுதுவதும் தவறு. சொற்கள் மாறவில்லை, ஆனால் அது நீக்கப்பட்ட ஓர் உட்பிரிவைச் சுட்டுகிறது, இதை இரு தரப்பும் எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதுவதே சரி. நீக்கப்பட்ட ஒவ்வொரு எண்ணையும் மூலம் முழுவதிலும், இணைப்புகளிலும் தேடிப் பார்த்தால் இப்படிப்பட்டவை அகப்பட்டுவிடும்.

இதோடு ஒட்டிய சிறிய பிழை ஒன்றும் உண்டு. 7.3 போனதும் 7.4ஐ 7.3 என்று சிலர் தாமாகவே எண் மாற்றி எழுதிவிடுகிறார்கள். திருத்தம் அப்படிச் சொல்லாதவரை 7.4 என்பது 7.4தான், எண்ணை மாற்றினால் 11.2 தவறான உட்பிரிவைப் போய்ச் சுட்டும்.

மூன்றாவது, முந்தைய திருத்தத்தை மறந்துவிடுவது. மூலத்தில் 4.1இன்படி கூலி சதுர அடிக்கு 18 ரூபாய். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 21 ரூபாயாக்கியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் "மூல ஒப்பந்தம்" என்பதை 2019ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று மட்டுமே வரையறுத்து, இறுதியில் "மூல ஒப்பந்தத்தின் மற்றப் பிரிவுகள் மாற்றமின்றித் தொடரும்" என்றது. மூலத்தை மட்டும் பக்கத்தில் வைத்துச் சுருக்கம் எழுதுகிறவர் "கூலி 18 ரூபாய், மாற்றமில்லை" என்று எழுதிவிடுவார். நல்ல வேளையாக இந்த இடத்தில் நான் தவறவில்லை, ஏனென்றால் ஆலைக்காரரிடம் இருந்த கோப்பில் மூன்று பத்திரங்களும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. பல கோப்புகளில் முதல் திருத்தம் கணக்காளரிடம் இருக்கும், வக்கீல் அலுவலகத்துக்கு வந்தே இருக்காது. ஆகவே சுருக்கத்தின் முதல் பத்தியில், எந்தெந்தத் தேதியிட்ட பத்திரங்களைப் பார்த்தேன் என்று எழுதுவது அவசியம். 4.1க்கு எதிரில், "2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21 ரூபாயாக மாற்றப்பட்ட வடிவில் உள்ளது, இந்தத் திருத்தம் இதைத் தொடவில்லை, ஆனால் இதன் வரையறையில் முதல் திருத்தம் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதினால், பிற்பாடு யாராவது 18 ரூபாயைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் படிக்கிறவர் திகைக்க மாட்டார்.

நடைமுறைக்கு வரும் நாளையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தத் திருத்தம் ஜூன் மாதத்தில் கையெழுத்தாகி ஏப்ரல் 1 முதல் செல்லும் என்றது. அப்படியானால் இடைப்பட்ட இரண்டரை மாத பில்களுக்கும் புதிய பிரிவு 9 பொருந்துமா, ஏற்கெனவே தீர்த்த கணக்கு மறுபடி திறக்குமா என்ற கேள்வி எழுகிறது. திருத்தம் அதற்கு விடை சொல்லவில்லை என்றால், விடை சொல்லவில்லை என்றே சுருக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசியாக, தொடப்படாத பிரிவை அறியாமலே மாற்றிவிடுவது. மூலத்தின் பிரிவு 14, வழக்குகள் வேலூர் நீதிமன்றங்களில் மட்டுமே நடக்கும் என்றது. அந்த ஒப்பந்தம் எழுதப்பட்ட பின், 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலையின் முகவரியை ராணிப்பேட்டை மாவட்டம் என்று திருத்திக்கொண்டது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. முகவரி மாறியதைப் பார்த்து, எதிர்த்தரப்பின் சுருக்கத்தில் பிரிவு 14க்கு நேராக "ராணிப்பேட்டை நீதிமன்றங்கள்" என்று எழுதியிருந்தார்கள். திருத்தத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "பிரிவு 14: தொடப்படவில்லை, 'வேலூர்' என்ற சொல் மூலத்தில் உள்ளபடியே நிற்கிறது, மாவட்டப் பிரிவுக்குப் பின் இதைத் தரப்பினர் திருத்தவில்லை" என்று எழுதி அனுப்பினோம். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு தங்கள் பிரதியில் திருத்திக்கொண்டார்கள்.