பென்சிலுக்கு முன்னால் மாவும் துணி கிளிப்பும்: பிஞ்சு விரல்களைத் தயார்செய்யும் முறை

போன ஜூனில் என் அக்கா மகன் எல்.கே.ஜி.யில் சேர்ந்தான். அப்போது அவனுக்கு மூன்று வயது பத்து மாதம். இரண்டாவது வாரமே 'ஸ்டாண்டிங் லைன்', 'ஸ்லீப்பிங் லைன்' என்று ஒரு பக்கம் முழுக்க வீட்டுப்பாடம் வந்துவிட்டது. பென்சிலை அவன் உலக்கை பிடிப்பதுபோல் கை மூடிப் பிடித்தான். அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்துச் சரியான இடத்தில் வைப்பாள். இரண்டு கோடு போட்டதும் மறுபடி முஷ்டி மூடிக்கொள்ளும். மூன்றாம் நாள் "கை வலிக்குது சித்தி" என்று என்னிடம் வந்து கையை நீட்டினான்.

பதினோரு வருடமாக மழலையர் வகுப்பில் இருக்கிறேன். இந்தக் கையை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். இதில் பிள்ளையின் பிடிவாதம் எதுவும் இல்லை. மூன்று விரலால் பிடிக்கும் அளவுக்கு அந்த விரல்களில் இன்னும் பலம் வரவில்லை, அதனால் கை முழுவதையும் உதவிக்குக் கூப்பிடுகிறது. விரலைப் பிரித்து வைத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பலம் வந்துவிடாது.

நீங்களே ஒரு பேனாவை எடுத்து எழுதிப் பாருங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பேனாவை நகர்த்துகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கித் தாளின்மேல் ஓய்வாக இருக்கின்றன. ஒரே கையில் ஒரு பாதி வேலை செய்ய, மறுபாதி அசையாமல் தாங்குகிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வட்டமாக ஓர் இடைவெளி தெரியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் மூன்று விரல் பிடி தொடங்குகிறது. அப்போதுகூட விரல் அசையாது, மணிக்கட்டும் கையும்தான் அசையும். விரல்கள் தாமே அசைந்து எழுத ஐந்து, ஆறு வயதாகும். அதுவரை கையின் இரண்டு பாதிகளையும் பிரித்து வேலை வாங்கப் பழக்குவதற்குத்தான் மாவும் கிளிப்பும்.

முதலில் மாவு

ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, இரண்டு டீஸ்பூன் சமையல் எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய அரை டம்ளர் பிடிக்கும், ஆனால் ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். கல் உப்பு வேண்டாம். கரையாத பரல்கள் உறுத்தும். பிள்ளையின் கையில் நகக்கண் உரிந்திருந்தாலோ கீறல் இருந்தாலோ உப்பு மாவு எரியும், அன்று விட்டுவிடுங்கள். மூடிபோட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் ஓடும். உப்பு ஈரத்தை இழுப்பதால் இரண்டாம் நாளே பிசுபிசுக்கலாம். அரைக் கரண்டி மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

எதையும் வாயில் போடும் பிள்ளை என்றால் இந்த மாவைக் கொடுக்காதீர்கள். இவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போனால் ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது. அப்படிப்பட்ட வீடுகளில் அன்றன்றைக்குப் பிசைந்த சப்பாத்தி மாவே போதும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வெந்நீரில் கிளறிய அரிசி மாவு.

மாவின் பதம்தான் இங்கே முக்கியம். முதல் வாரம் கொழுக்கட்டை மேல்மாவு மாதிரி இளக்கமாக இருக்கட்டும். பிள்ளை சிரமமில்லாமல் அழுத்தி, உருட்டி, கிள்ளி முடிக்கிறது என்றால் அடுத்து சப்பாத்தி மாவுப் பதம். கடைசியாகப் பூரி மாவு போலக் கெட்டியாக. முதல் நாளே பூரி மாவுப் பதத்தில் கொடுத்தால் பிள்ளை எழுந்து நின்று உடம்பு எடையைப் போட்டு அழுத்தும். அப்போது வேலை செய்வது தோள்தான், விரலுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

மாவில் என்ன செய்வது

ஒரு எலுமிச்சை அளவு உருண்டையைக் கையில் கொடுத்து, பழம் பிழிவதுபோல் பிழியச் சொல்லுங்கள். வலக்கையில் ஐந்து தடவை, இடக்கையில் ஐந்து தடவை. இது கையைச் சூடாக்குவதற்கு மட்டும். நிறையப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பிழிவது முஷ்டியின் வேலை. பென்சிலுக்கு வேண்டியது அடுத்த இரண்டும்.

ஒன்று, சீடை. சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைக்காமல் மூன்று விரல் நுனிகளுக்குள்ளேயே உருட்ட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் உடனே மறு உள்ளங்கையைக் கொண்டுவந்து தேய்ப்பார்கள். அந்தக் கையில் ஒரு கிண்ணத்தைப் பிடிக்கக் கொடுத்துவிடுங்கள், உருட்டிய சீடை அதில் விழட்டும். உருண்டை கோணல்மாணலாக வரும், பரவாயில்லை. ஆறேழு சீடை போதும்.

இரண்டு, சோமாசி. நீங்கள் ஒரு சிறு வட்டம் தட்டி, பாதியாக மடித்துக் கொடுங்கள். பிள்ளை ஓரம் முழுக்கக் கிள்ளிக் கிள்ளி ஒட்ட வேண்டும். இந்த இடத்தில் குனிந்து கட்டைவிரலைப் பாருங்கள். கிள்ளும்போது நகத்துக்குக் கீழே இருக்கும் மூட்டு கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்து, விரல் வில்லாக நிற்க வேண்டும். அந்த மூட்டு உள்ளே சரிந்து பின்பக்கமாக மடிகிறது என்றால் மாவு கெட்டி, அல்லது விரல் களைத்துவிட்டது. இன்னொரு தடவை கட்டைவிரல், ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், பூட்டில் சாவி திருப்புவோமே அந்தப் பிடி. அந்தப் பிடியில் பலம் நிறைய உண்டு, அதனால் பிள்ளை சுலபமாக அதற்குத் தாவிவிடும். ஆனால் பென்சிலில் அதுவே வந்தால் நான் சொன்ன வட்ட இடைவெளி அடைபட்டுப்போகும். திட்டாமல் மாவை இளக்கிக் கொடுத்து, "நுனியால கிள்ளு கண்ணு" என்று நீங்கள் ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

பிறகு கிளிப்

மாவில் ஒரு வாரம், பத்து நாள் ஆன பிறகு கிளிப்புக்கு வாருங்கள். மாவு அழுத்தினால் அமுங்கி அப்படியே இருக்கும். கிளிப்பின் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். பிடித்ததை விடாமல் பிடித்தே இருக்க வேண்டும் என்பது கிளிப்பில்தான் வருகிறது.

கொடியில் மாட்டிப் பழகிய, ஸ்பிரிங் தளர்ந்த மரக் கிளிப் கிடைத்தால் அதுதான் நல்லது. வெயிலில் நாள்பட்டு வெளுத்த பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், அழுத்தினால் உடைந்து தெறிக்கும். என் கணக்கு இது: என் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் சிரமப்படாமல் திறக்க முடிகிற கிளிப்பைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பேன். எங்கே பிடிக்கிறோம் என்பதும் பெரிய வித்தியாசம். வால் நுனியில் பிடித்தால் லேசாகத் திறக்கும், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் பிடித்தால் கல்லாக இருக்கும். பிள்ளைக்கு இது தெரியாது. வால் நுனியில் இரண்டு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் சிவப்புப் பொட்டு வைத்து, "பொட்டு மேல விரல்" என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

இப்போது மீதி இரண்டு விரல். ஒரு பஞ்சு உருண்டையை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உள்ளே வைத்து மூடச் சொல்லுங்கள். அக்கா மகனிடம் அது குருவிக் குஞ்சு என்று சொன்னேன். "தூங்குது, விழாம பாத்துக்கோ." முதல் நாள் கிளிப்பைத் திறந்தபோதெல்லாம் குருவி கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, ஊதி, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். அவசரப்படுத்தவில்லை. விரலை மடக்கி வைக்கச் சொல்லி நான் நூறு முறை சொன்னாலும் நடக்காததை அந்தப் பஞ்சு செய்தது.

முதலில் ஓர் அட்டை. காலி பிஸ்கட் டப்பாவின் அட்டையை வட்டமாக வெட்டி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை சுற்றிலும் கிளிப் மாட்டட்டும், சூரியனுக்குக் கதிர் வைப்பதுபோல். கழற்றும்போது அழுத்தித் திறந்து எடுக்கிறதா என்று பாருங்கள். பிடித்து இழுத்துவிட்டால் விரலுக்கு வேலை இல்லை.

அப்புறம் கொடி. இரண்டு நாற்காலிக்கு நடுவே, பிள்ளையின் கண் உயரத்தில் கயிறு கட்டி, கைக்குட்டையும் குட்டி சாக்ஸும் காயப்போடச் சொல்லுங்கள். ஒரு கை துணியைப் பிடிக்க, மறு கை கிளிப்பைத் திறக்கும். இந்த உயரத்தில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் சாயும். எழுதும்போதும் மணிக்கட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். கயிற்றை மடி உயரத்தில் கட்டினால் மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரலின் பிடியும் தளர்ந்துவிடும்.

நாளுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். தோள் காதை நோக்கி ஏறினால், இரண்டு கையாலும் கிளிப்பைத் திறக்க ஆரம்பித்தால், அன்றைக்கு அவ்வளவுதான். அந்த நேரத்துக்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு கிளிப்பும் தவறான பிடியைத்தான் பழக்கும்.

அக்கா மகன் முதல் நாள் நான்கு கிளிப் மாட்டினான், நான்கையும் இரண்டு கையால். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு கையால் மூன்று. நடுவில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனது. ஐந்தாம் வாரத்தில் கொடியில் எட்டு சாக்ஸ் தொங்கியது, குருவி ஒரு தடவைதான் விழுந்தது.

எல்லாப் பிள்ளைக்கும் இதுவே மருந்தாகிவிடாது. ஒரு கை மற்றதைவிடத் தெளிவாகப் பலம் குறைந்து இருந்தால், ஐந்து வயது தாண்டியும் தளர்ந்த கிளிப்பைக்கூடத் திறக்க முடியாமல் இருந்தால், பட்டன் போடுவது, சாப்பாட்டைப் பிசைந்து எடுப்பது எல்லாமே சிரமமாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள்.

கொடியில் நன்றாகப் பழகியதும் எழுத்துக்கு நேரே போகாமல், ஒரு கிரேயானைக் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான துண்டாக உடைத்துக் கொடுங்கள். அந்த நீளத்தை முஷ்டியால் பிடிக்கவே முடியாது, மூன்று விரல் நுனிக்குத்தான் இடம் இருக்கும். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, நின்றுகொண்டு கிறுக்கட்டும். என்ன வரைகிறது என்று பார்க்காதீர்கள், கட்டைவிரல் மூட்டை மட்டும் பாருங்கள். அது வில்லாக நின்றால், அடுத்த வாரம் பாதி தேய்ந்த பென்சில் ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாம்.